நெல்மணி சொன்ன காலம்

நுழையும் முன்

பழனி நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பொருந்தல் என்னும் சிற்றூர் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடைபெற்றது. பழங்கால ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்களையுடைய சாடி கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே குழியில் பானையைத் தாங்கும் வளையமாகிய பிரிமனையும் இருந்தது. அதன்மேல் ‘வய்ர’ என்று தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது.

அந்த நெல்லில் சிறிதளவு அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து கி.மு. 490 என்னும் காலக்கணிப்பு வந்தது. தமிழி எழுத்தின் தொடக்கத்தை அசோகர் காலமாகிய கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியே அறிஞர் பலர் வைத்திருந்தனர். நெல்லின் காலம் சரியானால் அக்கருத்தை மறுபடி ஆராய வேண்டியிருந்தது. பேசாத நெல்மணி தன் வயதை எப்படிச் சொல்லிற்று? அதன் சொல்லை எந்த அளவிற்கு நம்பலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடம்.

நெல்லுக்குள் இருக்கும் கடிகாரம்

நெற்பயிர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உட்கொண்டு மணியை உருவாக்குகிறது. அக்கார்பனில் பெரும்பகுதி கார்பன்-12. மிக மிகச் சிறு பகுதி கார்பன்-14. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. அந்நியூட்ரான்கள் நைட்ரஜன் அணுக்கருவைத் தாக்கும்போது கார்பன்-14 பிறக்கிறது. ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்னும் அளவிலேயே அது காற்றில் கலந்துள்ளது.

கார்பன்-14 நிலையற்றது. அதன் அணுக்கரு ஒரு பீட்டாத் துகளை வெளியிட்டு மீண்டும் நைட்ரஜனாக மாறிவிடும். இம்மாற்றத்தையே கதிரியக்கச் சிதைவு என்கிறோம். பயிர் உயிரோடு உள்ளவரை, சிதைந்த கார்பன்-14க்கு ஈடாகக் காற்றிலிருந்து புதியது வந்துகொண்டே இருக்கும். ஆகவே பயிரில் உள்ள விகிதம் காற்றில் உள்ள விகிதத்தை ஒத்திருக்கும். கதிர் முற்றி அறுவடையான பின் புதிய வரவு நின்றுவிடுகிறது. சிதைவு மட்டும் தொடர்கிறது. வரவு நின்று செலவு மட்டும் நிகழும் கணக்கு அது. எவ்வளவு மீதம் உள்ளது என்று அறிந்தால், வரவு எப்போது நின்றது என்று கூறலாம். அதற்குச் செலவு எந்த ஒழுங்கில் நிகழ்கிறது என்பது தெரிய வேண்டும். அந்த ஒழுங்கை நாணயங்களைக் கொண்டே கண்டறியலாம்.

செயல்பாடு: பூவா, தலையா?

தேவையானவை: ஒரே வகையான 100 நாணயங்கள், மூடியுள்ள ஒரு பெட்டி, குறிப்பேடு, வரைபடத்தாள்.

வகுப்பைப் பத்துக் குழுக்களாகப் பிரித்துக்கொள்க. ஒவ்வொரு குழுவிடமும் 100 நாணயங்கள் இருக்கட்டும். நாணயங்கள் போதாவிடில், ஒரு குழுவே பத்து முறை இச்செயல்பாட்டைச் செய்து முடிவுகளைத் தொகுக்கலாம்.

1. நூறு நாணயங்களையும் பெட்டியிலிட்டு மூடி, நன்றாகக் குலுக்கி, மேசைமேல் கொட்டுக.
2. ‘பூ’ விழுந்த நாணயங்களைச் சிதைந்த அணுக்களாகக் கொண்டு, எடுத்து அப்புறம் வைக்க.
3. ‘தலை’ விழுந்தவை சிதையாத அணுக்கள். அவற்றை எண்ணிக் குறித்துக்கொள்க.
4. எஞ்சியவற்றை மட்டும் மீண்டும் பெட்டியிலிட்டுக் குலுக்குக. ஒன்றும் எஞ்சாத வரை தொடர்க.
5. குலுக்கல் எண்ணிக்கையைக் கிடை அச்சிலும், எஞ்சிய நாணயங்களைச் செங்குத்து அச்சிலும் கொண்டு வரைபடம் வரைக.

கீழே உள்ளது ஒரு மாதிரிப் பதிவு. உங்கள் எண்கள் இவற்றினின்று சற்று வேறுபடும், வேறுபட வேண்டும்.

| குலுக்கல் | ஒரு குழுவில் எஞ்சியவை | பத்துக் குழுக்களில் எஞ்சியவை |
|---|---|---|
| 0 | 100 | 1000 |
| 1 | 46 | 507 |
| 2 | 25 | 249 |
| 3 | 11 | 128 |
| 4 | 6 | 61 |
| 5 | 2 | 33 |
| 6 | 1 | 15 |
| 7 | 0 | 8 |

நாணயங்கள் காட்டும் மூன்று உண்மைகள்

முதலாவது, எந்த நாணயம் எப்போது விலகும் என்று யாராலும் முன்கூட்டிக் கூற முடியாது. முதற்குலுக்கலிலேயே ஒன்று விலகிவிடும். மற்றொன்று ஆறாவது குலுக்கல் வரை நிலைத்திருக்கும். ஆறு முறை தப்பிய நாணயம் களைத்துப் போவதில்லை. ஏழாவது குலுக்கலிலும் அதற்குப் பூ விழும் வாய்ப்பு பாதியே. அணுக்கருவும் அத்தகையதே. மனிதரைப்போல அது முதுமை அடைவதில்லை. 2,500 ஆண்டுகள் சிதையாதிருந்த கார்பன்-14 அணுவும், இன்று காலையில் பிறந்த கார்பன்-14 அணுவும் அடுத்த ஆண்டில் சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே.

இரண்டாவது, தனி நாணயத்தின் போக்கு தெரியாவிடினும், கூட்டத்தின் போக்கு தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஏறத்தாழப் பாதி எஞ்சுகிறது. நூறு ஐம்பதாகக் குறைய ஒரு குலுக்கல். ஐம்பது இருபத்தைந்தாகக் குறையவும் அதே ஒரு குலுக்கல். விலகும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் விலகும் பங்கு மாறுவதில்லை. ஆகவேதான் வரைபடம் நேர்க்கோடாக இறங்காமல், முதலில் செங்குத்தாகவும் பின்னர் மெல்லச் சரிந்தும் வளைகோடாக அமைகிறது.

மூன்றாவது, பதிவின் இரு பத்திகளையும் ஒப்பிடுக. நூறு நாணயங்களில் முதற்குலுக்கலுக்குப் பின் 50க்குப் பதிலாக 46 எஞ்சின. ஐம்பதினின்று ஐந்து கூடுவதும் குறைவதும் இயல்பே. ஆயிரம் நாணயங்களில் 500க்குப் பதிலாக 507 எஞ்சின. எண்ணிக்கை பெருகும்போது, பிறழ்வின் பங்கு சுருங்குகிறது. பொதுவாக, N நிகழ்வுகளை எண்ணினால் √N அளவு ஏற்ற இறக்கத்தை எதிர்பார்க்கலாம். நூறை எண்ணினால் பத்து, அதாவது நூற்றுக்குப் பத்து. பத்தாயிரத்தை எண்ணினால் நூறு, அதாவது நூற்றுக்கு ஒன்று. ஆய்வகங்கள் தரும் காலத்தோடு ± என்னும் குறி சேர்ந்து வருவது இக்காரணத்தாலேயே. அது கவனக்குறைவின் அடையாளமன்று, எண்ணுதலின் இயல்பு.

அரை ஆயுட்காலம்

ஒரு கதிரியக்கத் தனிமத்தின் அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலமே அதன் அரை ஆயுட்காலம் எனப்படும். நம் செயல்பாட்டில் அது ஒரு குலுக்கல். கார்பன்-14க்கு அது ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். அயோடின்-131க்கு எட்டு நாட்கள். யுரேனியம்-238க்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள்.

இரண்டு அரை ஆயுட்காலங்களில் பொருள் முழுவதும் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது பலரிடம் காணப்படும் பிழை. இரண்டாவது குலுக்கலுக்குப் பின் உங்கள் மேசையில் கால்பங்கு நாணயங்கள் இருந்ததை நினைவுகூர்க. n அரை ஆயுட்காலங்களுக்குப் பின் எஞ்சும் பங்கு:

N / N₀ = (1/2)ⁿ

நாணயத்திற்கும் அணுவிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாணயங்கள் குலுக்கும்போது மட்டுமே விலகுகின்றன. அணுக்கள் ஒவ்வொரு நொடியிலும் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே அணுக்களுக்கு n முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை, அது 0.4 ஆகவும் இருக்கலாம், 2.7 ஆகவும் இருக்கலாம். அப்போது மடக்கையைப் பயன்படுத்திக் காலத்தைக் காணலாம்:

t = T × log₁₀(N₀/N) / log₁₀ 2

இங்கு T என்பது அரை ஆயுட்காலம். கார்பன்-14க்கு 5730 / 0.30103 = 19,035. எனவே,

t = 19,035 × log₁₀(N₀/N) ஆண்டுகள்

நெல்லின் வயதைக் கணக்கிடுவோம்

பொருந்தல் நெல்லின் காலத்தை ஒட்டி அமையுமாறு ஒரு மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டில் அளந்தபோது, புதிய நெல்லில் இருக்க வேண்டிய கார்பன்-14இல் நூற்றுக்கு 74 பங்கு எஞ்சியிருந்தது எனக் கொள்க.

முதலில் பிழையான வழி ஒன்றைப் பார்ப்போம். “50 பங்கு குறைய 5,730 ஆண்டுகள், ஆகவே 26 பங்கு குறைய 26/50 × 5,730, அதாவது ஏறத்தாழ 2,980 ஆண்டுகள்” என்று நேர்விகிதத்தில் கணக்கிடத் தோன்றும். இது வளைகோட்டை நேர்க்கோடாகக் கருதும் பிழை. தொடக்கத்தில் அணுக்கள் மிகுதி; ஆகவே சிதைவும் மிகுதி. முதல் 26 பங்கு விரைவாகவே குறைந்துவிடும்.

சரியான வழி:

N₀/N = 1 / 0.74 = 1.3514
log₁₀ 1.3514 = 0.1308
t = 19,035 × 0.1308 ≈ 2,490 ஆண்டுகள்

2010இலிருந்து 2,490 ஆண்டுகள் பின்செல்வோம். கி.மு. ஒன்றுக்கும் கி.பி. ஒன்றுக்கும் இடையே ‘சுழி ஆண்டு’ கிடையாது என்பதால், 2,490 − 2,010 + 1 = 481. அந்நெல் ஏறத்தாழ கி.மு. 481இல் அறுவடையானது என்பது நம் கணக்கின் விடை. நேர்விகிதப் பிழை ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் தள்ளிச் சென்றிருக்கும்.

அளவீட்டில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை நேர்ந்தால் விடை எவ்வளவு மாறும் என்பதையும் காண்க. 0.74க்குப் பதிலாக 0.7474 என்று வைத்துக் கணக்கிட்டால் 2,407 ஆண்டுகள் கிடைக்கும். நூற்றுக்கு ஒன்று என்னும் சிறு பிழை ஏறத்தாழ 83 ஆண்டுகளை மாற்றிவிடுகிறது.

நெல்மணி ஏன் நல்ல சான்று?

மரக்கட்டையின் கரியையும் இம்முறையில் அளக்கலாம். ஆனால் பெரிய மரத்தின் உள்வயிரம் வெளிப்பட்டையைவிட நூறு ஆண்டுகளோ அதற்கு மேலோ மூத்ததாக இருக்கலாம். உள்வளையத்தில் கார்பன் வரவு நின்றது மரம் வெட்டப்பட்ட நாளிலன்று. அந்த வளையம் உருவான ஆண்டில். ஆகவே அக்கட்டையை எரித்த நாளைவிட அதன் கரி மூத்த காலத்தைக் காட்டும். நெல்லோ ஒரே பருவத்தில் முளைத்து, விளைந்து, அறுவடையாவது. அது காட்டும் காலம் ஒரே ஆண்டைச் சேர்ந்தது.

நெல்லை அளப்பதில் ஒரு தடையும் இருந்தது. அமெரிக்க வேதியியலறிஞர் வில்லார்டு லிப்பி 1949இல் கார்பன் காலக்கணிப்பை வெளியிட்டார்; அதற்காக 1960இல் நோபல் பரிசு பெற்றார். அவரது முறையில், அணுக்கள் சிதையும்போது வெளிவரும் பீட்டாத் துகள்களை எண்ண வேண்டும். ஒரு நெல்மணியில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் கார்பன் இருப்பதாகக் கொள்வோம். அதில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14 அணுக்கள் ஏறத்தாழ 40 கோடி. எஞ்சியவை 30 கோடி. எண்ணிக்கை பெரிதுதான். ஆயினும் அரை ஆயுட்காலம் மிக நீண்டதாகையால், அவற்றுள் கால் மணி நேரத்திற்கு ஒன்று என்னும் அளவிலேயே சிதைவு நிகழும். நாளொன்றுக்கு நூறு எனக் கொண்டால், நூற்றுக்கு ஒன்று என்னும் துல்லியத்திற்கு வேண்டிய பத்தாயிரம் சிதைவுகளை எண்ண நூறு நாட்கள் காத்திருக்க வேண்டும். நெல்லின் சிதைவைவிடச் சுற்றுப்புறத்திலிருந்து வரும் கதிர்களே கருவியில் மிகுதியாகப் பதிவாகும். ஆகவே அக்காலத்தில் கிராம் கணக்கில் கார்பன் தேவைப்பட்டது.

பின்னர் வந்த முடுக்கி நிறை நிறமாலைமானி இத்தடையை நீக்கிற்று. அக்கருவி அணு சிதையும் வரை காத்திருப்பதில்லை. மாதிரியை எரித்து, கார்பன் டை ஆக்சைடாக்கி, அதிலிருந்து கிராஃபைட்டைப் பெற்று, அதன் அணுக்களை அயனிகளாக்கி மிகுந்த வேகத்தில் செலுத்துகிறது. கார்பன்-12, கார்பன்-14 ஆகியவற்றின் நிறை வேறுபடுவதால், காந்தப்புலத்தில் அவை வெவ்வேறு அளவில் வளைகின்றன. இவ்வாறு பிரித்துச் சிதையாத அணுக்களையே எண்ணிவிடலாம். மேசைமேல் விலகிய நாணயங்களுக்காகக் காத்திராமல், எஞ்சிய நாணயங்களை நேரடியாக எண்ணுவது போன்றது இது. ஒரு மில்லிகிராம் அளவு கார்பன் இதற்குப் போதும்.

பிழைகள் எங்கே புகுகின்றன?

கணக்கு சரியாக இருந்தும் காலம் தவறலாம். அதற்கான வழிகள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, அயற்கார்பன் கலப்பு. மண்ணில் புதைந்த மணியுள் பிற்காலத்து வேர்கள் நுழையலாம். மட்கிய இலைகளிலிருந்து வடியும் கரிமப் பொருள்கள் ஊறலாம். அகழ்ந்தெடுப்பவரின் கைப்பிசுக்கும் ஒட்டலாம். ஆகவே மாதிரியை வெறுங்கையால் தொடாது, பஞ்சிலோ தாளிலோ பொதியாது, உலோகத்தாளில் மடித்து அனுப்புவர். ஆய்வகத்தில் அமிலத்தாலும் காரத்தாலும் மீண்டும் அமிலத்தாலும் கழுவுவர். நூற்றுக்கு ஒரு பங்கு புதிய கார்பன் கலந்தால், நம் நெல்லின் வயது ஏறத்தாழ 29 ஆண்டுகள் குறைந்து தோன்றும். ஆனால் 50,000 ஆண்டு பழமையான பொருளில் அதே அளவு கலந்தால் அதன் வயது ஏறத்தாழ 36,300 என்று வந்துவிடும். அத்தகைய பழம்பொருளில் எஞ்சியிருப்பதே நூற்றுக்குக் கால்பங்கு கார்பன்-14 மட்டும். கலந்ததோ அதைவிட நான்கு மடங்கு. ஏழு குலுக்கலில் நாணயங்கள் தீர்ந்துபோனதுபோல், 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் இக்கடிகாரம் ஓய்ந்துவிடுகிறது.

இரண்டாவது, தொடர்பு. கருவி அளந்தது நெல்லின் காலத்தை, எழுத்தின் காலத்தையன்று. சுட்ட மண்ணில் கீறிய எழுத்துக்குத் தனியே கார்பன் கடிகாரம் இல்லை. நெல்லும் பிரிமனையும் ஒரே நாளில், ஒரே சடங்கில் குழியுள் வைக்கப்பட்டன என்று நிறுவினால்தான் நெல்லின் காலம் எழுத்துக்கும் பொருந்தும். குழி பிற்காலத்தில் திறக்கப்பட்டதா, மண்ணடுக்கு கலைந்துள்ளதா என்று ஆராய்வது அகழாய்வாளரின் பணி. கார்பன்-14 அப்பணியைச் செய்யாது.

மூன்றாவது, காற்றின் மாற்றம். தொடக்க அளவாகிய N₀ எக்காலத்திலும் ஒன்றே என்று நாம் கொண்டோம். உண்மையில் கதிரவனின் செயல்பாடும் புவிக் காந்தப்புலமும் மாறும்போது, காற்றில் உண்டாகும் கார்பன்-14இன் அளவும் மாறுகிறது. ஆகவே ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் உறுதிசெய்யப்பட்ட மரங்களில் கார்பன்-14ஐ அளந்து, திருத்த வளைகோடு ஒன்றை அறிஞர்கள் வரைந்துள்ளனர். கார்பன் தரும் வயதை அவ்வளைகோட்டில் வைத்தே நாட்காட்டி ஆண்டாக மாற்றுவர்.

அந்த வளைகோட்டில், ஏறத்தாழ கி.மு. 800 முதல் கி.மு. 400 வரை உள்ள பகுதி பெரும்பாலும் தட்டையாக உள்ளது. இதன் பொருளை ஓர் உவமையால் விளக்கலாம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் ஏறுகிறோம். கையில் உயரங்காட்டும் கருவி மட்டுமே உள்ளது. பாதை சீராக ஏறும்வரை, உயரத்தைக் கொண்டே எந்த வளைவில் நிற்கிறோம் என்று கூறிவிடலாம். பாதை நெடுந்தொலைவு சமமாகச் செல்லும் இடத்தில், கருவி ஒரே உயரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அச்சமதளத்தின் தொடக்கத்தில் நிற்கிறோமா, முடிவில் நிற்கிறோமா என்று கருவியால் கூற இயலாது. அதுபோல, கி.மு. 700இல் விளைந்த நெல்லும் கி.மு. 450இல் விளைந்த நெல்லும் ஏறத்தாழ ஒரே கார்பன் வயதைக் காட்டக்கூடும். கி.மு. 490 இத்தட்டையான பகுதிக்குள்ளேயே அமைகிறது. ஆகவே அதை ஒரு தனி ஆண்டாகக் கொள்ளாமல், ஒரு கால எல்லையின் நடுவே உள்ள புள்ளியாகக் கொள்வதே முறை.

இதனாலேயே, ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு எழுத்தின் தொன்மையை முடிவு செய்யலாகாது என்று அறிஞர் சிலர் கருதினர். அது நியாயமான தயக்கம். அதற்குரிய மறுமொழி வாதத்தினால் வருவதன்று. மேலும் அளப்பதனால் வருவது. பொருந்தலில் கிடைத்த மற்றொரு நெல் மாதிரியும் அளக்கப்பட்டது. அதன் காலம் கி.மு. 450 என வந்தது. இரண்டும் நெருங்கி நிற்பது முதல் அளவீடு தற்செயலான பிழையன்று என்னும் நம்பிக்கையை வலுப்படுத்துகிறது. ஆயினும் இரண்டும் அதே தட்டையான பகுதியில் இருப்பதால், எல்லையின் அகலத்தை அது சுருக்கிவிடாது. மேலடுக்கு, கீழடுக்கு என வரிசையாக அமைந்த பல மாதிரிகளை அளந்து, எது முந்தியது எது பிந்தியது என்னும் மண்ணடுக்குச் சான்றோடு இணைக்கும்போதே எல்லை சுருங்கும். கொடுமணல், கீழடி போன்ற இடங்களிலும் அகழாய்வாளர்கள் மாதிரிகளைத் தொடர்ந்து அளப்பதன் பயன் இதுவே.

மலைமேல் உள்ள கற்கள்

பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடி முதலிய இடங்களில், பெரும் பலகைக் கற்களால் அமைந்த கல்திட்டைகளை இன்றும் காணலாம். கொடைக்கானலுக்குச் செல்லும் மாணவர்கள், “இக்கல்லின் வயது என்ன? கார்பன் முறையில் கண்டுபிடிக்கலாமே” என்று கேட்பதுண்டு. கண்டுபிடிக்க முடியாது. கல் காற்றிலிருந்து கார்பனை உண்டு வளர்ந்ததன்று. வரவு என்பதே இல்லாத இடத்தில், வரவு நின்ற நாளும் இல்லை. பாறை உருவான காலத்தை வேறு தனிமங்களைக் கொண்டு கூறலாம். ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கும். அக்கல்லை மனிதர் தூக்கி நிறுத்திய நாளை அது சொல்லாது. கல்திட்டையின் உள்ளே, கலையாத மண்ணில், ஒரு தானியமோ கரித்துண்டோ எலும்போ கிடைத்தால் மட்டுமே கார்பன் கடிகாரத்தைக் கேட்க முடியும்.

ஆகவே, பழம்பொருள் ஒன்றின் காலத்தை நாளிதழில் படிக்கும்போது நான்கு வினாக்களைக் கேளுங்கள். அளந்தது எப்பொருள்? அது எழுத்தோடோ கல்லோடோ எவ்வாறு தொடர்புற்றது? ± எவ்வளவு? திருத்த வளைகோட்டில் அது எந்தப் பகுதியில் விழுகிறது? இவற்றிற்கு விடை இருந்தால் அக்காலம் நம்பத்தக்கது. விடை இல்லையேல், அடுத்த மாதிரி அளக்கப்படும் வரை காத்திருப்போம்.

மதிப்பீடு

குறுவினா

1. அரை ஆயுட்காலம் – வரையறுக்க.
2. ஐந்து குலுக்கல்களில் தப்பிய நாணயம் ஆறாவது குலுக்கலில் விலகும் வாய்ப்பு எவ்வளவு? காரணம் கூறுக.
3. காலக்கணிப்பிற்கு மரக்கரியைவிட நெல்மணி சிறந்த சான்றாவது ஏன்?

சிறுவினா

4. மரத்துண்டு ஒன்றில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14இல் எட்டில் ஒரு பங்கு எஞ்சியுள்ளது. மடக்கையைப் பயன்படுத்தாமல் அதன் வயதைக் கணக்கிடுக.
5. “பொருந்தல் பிரிமனையின் எழுத்து கார்பன்-14 முறையில் அளக்கப்பட்டது” – இத்தொடரிலுள்ள பிழையைச் சுட்டித் திருத்தி எழுதுக.

நெடுவினா

6. கி.மு. 800 – 400 காலத்துப் பொருள்களின் வயதைத் துல்லியமாகக் கூறுவதில் உள்ள இடர்ப்பாட்டை உவமையுடன் விளக்குக.

செய்து பார்க்க

7. நூறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்க. குலுக்கிக் கொட்டி, வெள்ளை மேலே விழுந்தவற்றை விலக்குக. இங்கு வெள்ளை விழும் வாய்ப்பு சரிபாதியாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் எஞ்சியவற்றைக் குறித்து வளைகோடு வரைந்து, பாதியாகக் குறைய எத்தனை குலுக்கல்கள் ஆகின்றன என்பதை அதிலிருந்து காண்க. எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு அறுபது எஞ்சினால், அரை ஆயுட்காலம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட குலுக்கலாக அமையும். அது எவ்வளவு என்பதை மடக்கையால் சரிபார்க்க.